தலைப்புக்கு எவ்வளவு இடம்? குற்றப் புனைவின் அட்டையும் பட்டரவாக்கத்து நாவல் ஒன்றும்

1. கேள்வி

அட்டை ஓவியம் கேட்டு ஓவியருக்கு எழுதும் குறிப்பில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: மேலே தலைப்புக்கும் கீழே ஆசிரியர் பெயருக்கும் இடம் விடவும். எவ்வளவு இடம் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ஓவியர் தம் அனுபவத்தை நம்பி, மேலே மூன்றில் ஒரு பங்கை வானமாகவோ இருட்டாகவோ விட்டு அனுப்பிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் தலைப்பு முடிவாகிறது. அது நீளமான ஒற்றைச் சொல்லாக வந்துவிட்டால் எழுத்து மெலிந்து விட்ட இடத்தின் நடுவில் தொங்கும். இரண்டு வரியாக வந்தால் ஓவியத்தில் இருப்பவரின் நெற்றியில் ஏறி உட்காரும். இரண்டையும் எந்தப் புத்தகக் கடையிலும் பார்க்கலாம்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். தமிழ்க் குற்றப் புனைவின் அட்டையில் எழுத்துக்கான இடத்தை எது தீர்மானிக்கிறது, எது தீர்மானிக்க வேண்டும்? என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தின் அளவு ஓவியத்திலிருந்து கிடைக்காது. தலைப்பில் உள்ள எழுத்துகளின் உருவத்திலிருந்துதான் கிடைக்கும். ஆகவே தலைப்பைச் சரியான அளவில் அடுக்கிப் பார்த்த பிறகே ஓவியம் தொடங்க வேண்டும். இதைச் சோதிக்கச் சென்னையின் மேற்குப் புறநகரில் நடப்பதாக ஒரு குற்ற நாவலைக் கற்பனை செய்து, அதன் அட்டையை அளவுகளோடு அமைத்துப் பார்க்கிறேன். அந்தப் பகுதியைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கியது. 1951-இல் நிறுவப்பட்ட நியூ செஞ்சுரி புக் ஹவுஸின் தலைமையகம் இன்று அங்குள்ள சிட்கோ வளாகத்தில்தான் இருக்கிறது. லேத் பட்டறைகளுக்கு நடுவே புத்தகக் கிடங்கும் இருக்கும் ஊர் அது. கொரட்டூர் முதல் ஆவடி வரை ரயில் பாதையை ஒட்டி நீளும் அந்த நிலத்தில் குற்றக் கதைக்கான சூழலுக்குப் பஞ்சமில்லை. அட்டைகளில் அது தென்பட்டதுதான் குறைவு.

2. இதுவரை சொல்லப்பட்டவை

அட்டையைக் கோட்பாட்டளவில் பேசுபவர்கள் பெரும்பாலும் ழெரார் ழெனெத் 1987-இல் பிரெஞ்சில் எழுதிய நூலிலிருந்து தொடங்குவார்கள். பிரதிக்கு வெளியே நின்று வாசகரை உள்ளே அழைக்கும் வாசற்படிகளில் ஒன்றாக அவர் அட்டையைப் பார்க்கிறார். ஆனால் தலைப்பு, ஆசிரியர் பெயர், வரிசைப் பெயர் ஆகிய சொற்களிலேயே அவர் கவனம் நிற்கிறது. அவற்றின் உருவத்தைப் பற்றி அவர் பேசுவது மிகக் குறைவு. தமிழில் மலிவுப் பதிப்புகளின் வரலாற்றை விரிவாக எழுதிய ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ நமக்கு வேறொரு பின்னணியைத் தருகிறது. குஜிலி நூல்களின் முகப்பில் நூற்பெயர், இயற்றியவர், அச்சகம், விலை என்று எழுத்துதான் நிறைந்திருக்கும். படம் இருந்தால் கிடைத்த மூலையில் ஒதுங்கிக்கொள்ளும். ஓவியம் எழுத்துக்கு இடம் விட்டதாக அங்கே பேச்சே இல்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே.ஆர். ரங்கராஜுவும் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்த காலத்தை இந்த மரபை மனத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மறுபுறத்தில், குற்ற நாவலின் அட்டைக்கென்றே இடத்தை அளந்து பிரித்த புகழ்பெற்ற முன்மாதிரி ஒன்று இருக்கிறது. 1961-இல் பெங்குவின் நிறுவனத்தில் அட்டைகளுக்குப் பொறுப்பாக இருந்த ஜெர்மானோ ஃபாச்செத்தி, போலந்தில் பிறந்த வடிவமைப்பாளர் ரோமெக் மார்பரிடம் குற்ற நாவல் வரிசைக்கு ஓர் அமைப்பைக் கேட்டார். அந்த வரிசையின் பழைய பச்சை நிறத்தை மார்பர் விட்டுவிடவில்லை. மேல் மூன்றிலொரு பங்கைக் கிடைக்கோடுகளால் பிரித்து, வரிசைப் பெயரும் விலையும் ஒரு பட்டையில், தலைப்பு அடுத்ததில், ஆசிரியர் பெயர் அதற்கடுத்ததில் என்று அமைத்தார். கீழ் மூன்றில் இரண்டு பங்கு முழுக்கப் படத்துக்கு. எந்த ஓவியர் வந்தாலும் எழுத்து எங்கே உட்காரும் என்பது முன்கூட்டியே தெரியும்.

வடிவமைப்புப் பாடங்களில் இதைப் பொதுவிதிபோலச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சட்டகம் வெற்றி பெற்றது ஆங்கில எழுத்தில், சிறிய அளவில், இடப்பக்கம் ஒட்டி அடுக்கிய வரிகளால். மூன்று நான்கு குட்டிச் சொற்கள் கொண்ட தலைப்பை எங்கு வேண்டுமானாலும் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம். தமிழ்த் தலைப்பு அப்படி மடங்கிக் கொடுக்காது. ஏன் என்பதை நான்காம் பகுதியில் பார்க்கலாம்.

3. மாத நாவல் கண்ட வழி

1969-இல் தொடங்கிய ‘ராணிமுத்து’, பின்னர் ‘மாலைமதி’, அதன்பின் ஜி. அசோகன் நடத்திய ‘பாக்கெட் நாவல்’, ‘க்ரைம் நாவல்’ என்று மாத நாவல்கள் பெருகியபோது அட்டைக்கு ஒரு வாய்ப்பாடு உருவானது. உச்சியில் இதழின் பெயர், விலை, மாதம். ஆசிரியர் பெயர் தலைப்புக்கு நிகராக, சில வேளை அதைவிடப் பெரிதாக. நடுவில் ஒரு முகம், பெரும்பாலும் பெண்ணுடையது. பக்கத்தில் துப்பாக்கியோ கத்தியோ இரத்தத் துளியோ. ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் எழுதிய நூற்றுக்கணக்கான நாவல்கள் இந்த அமைப்புக்குள் வெளிவந்தன.

இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் இந்தப் புத்தகங்கள் விற்ற இடத்தைப் பார்த்தால் காரணம் புரியும். பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஒன்றின் கீழ்ப்பகுதியை அடுத்தது மறைக்கும். பேருந்து நிலையக் கடைத் தட்டில் அடுக்கினாலும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிவது மேற்பகுதி மட்டும். ஆகவே வாங்க வைக்கும் இரண்டு விஷயங்கள், அதாவது இதழின் பெயரும் எழுத்தாளர் பெயரும், மேலே இருந்தாக வேண்டும். தலைப்பு கீழே போனாலும் பாதகமில்லை. பேருந்து கிளம்புவதற்குள் புத்தகம் வாங்குகிறவர் தலைப்பைப் பார்த்து வாங்குவதில்லை, ராஜேஷ்குமாரைப் பார்த்து வாங்குகிறார். தமிழ்வாணன் இதை இன்னும் முன்பே உணர்ந்தவர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் சேர்ந்த ஓர் உருவமே அவர் பெயரின் வேலையைச் செய்தது. இன்றும் மணிமேகலைப் பிரசுரத்தின் அடையாளம் அதுதான்.

என் வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாத நாவல்களில் அடுத்த மாதத் தலைப்பை முந்தைய இதழிலேயே விளம்பரம் செய்வது வழக்கம். அப்படியானால் ஓவியர் கையில் தலைப்பு முதலிலேயே இருந்தது. இல்லாமல் இருந்தது கதைதான். தலைப்பு முன்பே தெரிந்தும் ஓவியம் அந்தத் தலைப்பின் உருவத்துக்காக வரையப்படவில்லை, எந்தத் தலைப்புக்கும் பொருந்தும்படி வரையப்பட்டது. எழுத்தைப் படத்தின் மேலேயே ஏற்றி, தடித்த வெள்ளை அல்லது மஞ்சள் ஓரம் கட்டி, வாசிக்க வைத்தார்கள். இடம் விடும் பிரச்சினையை அவர்கள் தீர்க்கவில்லை. ஓரம் கட்டித் தாண்டிப்போனார்கள். மாதம் தவறாமல் புத்தகம் கொண்டுவர வேண்டிய பதிப்பாளருக்கு அது நியாயமான கணக்கு. 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், ப்ரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத் தொகுப்பாக வெளியிட்டபோது, பழைய அட்டைகளையும் வண்ணத்தில் அச்சிட்டுக் காட்டியது. அவற்றின் நெரிசலே வெளியூர் வாசகருக்குக் கவர்ச்சியானது வேடிக்கைதான்.

இலக்கியப் பதிப்பின் பக்கம் நிலைமை வேறாக இருந்தது. 1974-இல் தொடங்கிய க்ரியாவுக்காகவும் பிற பதிப்பகங்களுக்காகவும் கே.எம். ஆதிமூலம் அட்டைகள் செய்தபோது கோட்டோவியமும் தலைப்பெழுத்தும் ஒரே கையிலிருந்து வந்தன. எழுத்தை வரைகிறவரே படத்தையும் வரைந்தால் எவ்வளவு இடம் என்ற கேள்வி தனியாக எழாது. எழுத்தும் படத்தின் ஒரு பகுதியாகிவிடும். கணினி எழுத்துருக்கள் வந்து, ஓவியர் ஒருபக்கம், எழுத்தை அமைக்கும் டி.டி.பி. ஆள் ஒருபக்கம் என்று பிரிந்த பிறகுதான் இடம் விடவும் என்ற அந்த வரி குறிப்புகளில் நிரந்தரமானது என்று நினைக்கிறேன்.

4. எழுத்தின் உருவம்

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு கிடையாது. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கினால் மேலும் கீழும் நேர்கோடான ஒரு கட்டை கிடைக்கும். அதை எந்தப் பட்டையிலும் செருகலாம். நமக்கு அந்த வசதி இல்லை. சி, டி போன்றவற்றின் மேல்விலங்கும் மெய்யெழுத்தின் புள்ளியும் தலைக்கு மேலே நிற்கும். மு, று, ஞ, ழ ஆகியவை காலுக்குக் கீழே இறங்கும். இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் ‘ழு’ கீழ்வரியின் ‘டி’ மேல் இடித்துக்கொள்வது அன்றாடம் நடப்பது. எழுத்தின் உடல் உயரம் 10 மி.மீ. என்றால், ஒரு வரி நிம்மதியாக நிற்க அதன் மேலும் கீழும் சேர்த்து 16 மி.மீ. வரை தேவைப்படும்.

அகலம் அடுத்த சிக்கல். குற்ற நாவலில் அதிகம் புழங்கும் சொல் ‘கொலை’. பேச்சில் இரண்டே எழுத்து. தாளில் ஐந்து உருவம். முன்னால் ஒரு கொம்பு, பிறகு க, பின்னால் கால், அதன்பின் ஐகாரக் குறி, கடைசியில் ல. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ‘லை’ துதிக்கைபோல வளைந்த ஒற்றை உருவமாக இருந்தது. சீர்திருத்தம் அச்சுக்கோப்பவருக்கு நன்மை செய்தது. குற்ற நாவலின் தலைப்பை மட்டும் சற்றே அகலமாக்கிவிட்டது.

இதே சொல்தான் மென்பொருளையும் பிடித்துக் கொடுக்கும். யுனிகோடு எழுத்தைப் பொருத்தமற்ற அமைப்பில் ஒட்டினால், கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் நடுவில் முளைக்கும். இன்டிசைனில் `World-Ready Paragraph Composer` தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தமிழ் வாசிக்கத் தெரியாத வடிவமைப்பாளர் கையில் இந்தப் பிழை கண்ணில் படாமலே அச்சுக்குப் போய்விடும். ‘கொ’, ‘லை’ இரண்டையும் ஒருமுறை தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

5. ஓர் அட்டை: பட்டரவாக்கம்

இப்போது கற்பனை நாவலுக்கு வருவோம். தலைப்பு ‘பட்டரவாக்கம் கடைசி வண்டி’. பட்டரவாக்கம், கொரட்டூருக்கும் அம்பத்தூருக்கும் நடுவே உள்ள புறநகர் ரயில் நிலையம். தொழிற்பேட்டையில் இரண்டாம் ஷிப்ட் முடித்துக் கிளம்பிய ஒரு ஃபிட்டர் வீடு சேரவில்லை, இதுதான் கதை. நூல் டெம்மி அளவு, அதாவது 140 மி.மீ. அகலம், 215 மி.மீ. உயரம்.

முதலில் எழுத்து. ‘பட்டரவாக்கம்’ என்ற சொல்லில் கால் உட்பட ஒன்பது உருவங்கள். தடித்த தலைப்பு எழுத்துருக்களில் ஓர் உருவத்தின் அகலம் அதன் உயரத்துக்குத் தோராயமாகச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். இரு பக்கமும் 10 மி.மீ. விளிம்பு விட்டால் மிஞ்சுவது 120. அதை ஒன்பதால் வகுத்தால் எழுத்தின் உயரம் 13 மி.மீ. சற்று அதிகம். இதற்கு மேல் பெரிதாக்க வழியில்லை. புள்ளிகளுக்கு மேலே 4 மி.மீ. சேர்த்தால் முதல் வரி 17. ‘கடைசி வண்டி’ இரண்டாம் வரியில் 8 மி.மீ. உயரத்தில் நிற்கட்டும், அதன் மேல்விலங்குகளுக்கு 3, வரிகளுக்கு இடையே 7. ஆகத் தலைப்புக் கட்டு 35 மி.மீ. வெட்டும் விளிம்பிலிருந்து பாதுகாப்பாக மேலே 15, கீழே மூச்சுவிட 10 சேர்த்தால் 60.

ஆசிரியர் பெயரையும் மேலேயே வைத்தால் அது 77-க்குப் போய்விடும். அட்டையில் மூன்றில் ஒரு பங்கு 72-க்கும் குறைவுதான். எனவே பெயர் கீழே வருகிறது. அதற்கு 9 மி.மீ. எழுத்தும் மேலும் கீழும் இடமும் சேர்த்து 32. மேலும் கீழும் கூட்டினால் 92. ஓவியம் எந்த எழுத்தும் படாமல் ஆளக்கூடிய பகுதி 140-க்கு 123, ஏறக்குறைய சதுரம். ஓவியரிடம் செங்குத்தான படம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர் உண்மையில் இயங்கக்கூடிய இடத்தைச் சதுரமாக வைத்திருக்கிறோம் என்பது கணக்குப் போட்டால்தான் தெரிகிறது. உயரமான கட்டடம், நின்ற நிலையில் முழு மனிதர் போன்றவை இந்த அட்டைக்கு ஆகாது. கிடையாக நீளும் காட்சிதான் பொருந்தும். அம்பத்தூர் நிலத்துக்கும் அதுதான் இயல்பு: நீளமான சுற்றுச்சுவர், நீளமான தகரக் கூரை, நீளமான பிளாட்பாரம்.

உடனே தோன்றும் யோசனை, ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையையே தலைப்பாக்குவது. நல்ல யோசனைபோலத் தெரியும். நான் பரிந்துரைக்க மாட்டேன். பலகையில் தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்று வரி இருக்கும். தலைப்புக்குக் கிடைப்பது அதில் ஒன்று. தமிழ் மட்டும் உள்ள பலகையை வரைந்தால் பொய்யாக இருக்கும், மூன்றையும் வரைந்தால் தலைப்பு பாதியாகச் சுருங்கும். எப்படிச் செய்தாலும் அட்டை பயணக் கட்டுரை நூலுடையதாகத்தான் தோன்றும். பொதுவாகவே படத்துக்குள் வாசிக்கக்கூடிய எழுத்து இருந்தால் கண் முதலில் அங்கே போகும். கடைப் பலகை, வண்டி எண், சுவரொட்டி எதையும் வாசிக்க முடியாதபடி மங்கலாகவே வைக்கச் சொல்ல வேண்டும்.

எனவே காட்சி இது. தொழிற்பேட்டைத் தெரு, இரவு. ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சுவர் வலப்பக்கம் அருகில் தொடங்கி இடப்பக்கம் தூரத்தில் போய்ச் சிறுக்கிறது. சுவரோரம் சைக்கிள் ஒன்று சாய்ந்து விழுந்து கிடக்கிறது; பின்சக்கரம் மட்டும் வெளிச்சத்தில். பக்கத்தில் திறந்து உருண்ட டிபன் கேரியரின் ஒரு தட்டு. துப்பாக்கி, முகம், இரத்தம் எதுவும் இல்லை. 1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸின் தொழிற்சாலை இயங்கிய அம்பத்தூரில் சைக்கிள் அலங்காரப் பொருளாகத் தெரியாது. விளக்கின் நிறத்தைக் கதையின் காலம் முடிவு செய்யும். கதை 1990-களில் நடந்தால் சோடியம் விளக்கின் ஆரஞ்சு மஞ்சள். இன்று நடந்தால் எல்.இ.டி.யின் நீலம் கலந்த வெள்ளை. இதை ஓவியரின் விருப்பத்துக்கு விட்டால் பெரும்பாலும் ஆரஞ்சுதான் வரும், அழகாக இருக்கும் என்பதால்.

மேலே 60 மி.மீ. வானம், கீழே 32 மி.மீ. தார்ச்சாலை. இந்த இரண்டு பகுதியும் ‘வெறுமை’யாக இருக்க வேண்டும் என்று எழுதினால் ஓவியர் ஒரே நிறத்தில் நிரப்பி அனுப்புவார், எழுத்து வைத்த பிறகு அது ஒட்டவைத்த பட்டைபோலத் தெரியும். கேட்க வேண்டியது அமைதியான பரப்பு. தூசி படிந்த இரவு வானத்தில் நிறம் மெல்ல மாறலாம், ஆனால் அங்கே எங்கும் வெளிச்சமும் இருளும் பக்கத்தில் பக்கத்தில் மோதக் கூடாது. ஒரு மின்கம்பி குறுக்கே போனால்கூட அது ‘ட்’ மேல் உள்ள புள்ளியைத் தின்றுவிடும். தேர்தலுக்கு மாதக்கணக்கில் முன்பே கட்சிக்காரர்கள் சுவருக்கு வெள்ளையடித்து மூலையில் பெயரைப் போட்டு ஒதுக்கி வைப்பதைப் போன்றதுதான் இது. என்ன எழுதப் போகிறோம் என்பது முடிவானதால்தான் எவ்வளவு தூரம் வெள்ளையடிப்பது என்று அவர்களுக்குத் தெரிகிறது. நாம் ஓவியரிடம் அந்தத் தகவலைக் கொடுக்காமல் சுவரை மட்டும் கேட்கிறோம்.

எனவே குறிப்போடு எழுத்து அமைத்த வரைவையும் அனுப்ப வேண்டும். ஓவியர் அதைத் தனி அடுக்காகத் தம் படத்தின் மேல் வைத்துக்கொண்டு வரைவார், ஒப்படைக்கும்போது அணைத்துவிடுவார். எழுத்தின் அடியிலும் படம் தொடர்ந்து இருக்க வேண்டும். நான்கு பக்கமும் வெட்டுக்காக 3 மி.மீ. கூடுதலாக வேண்டும். முதுகுப் பகுதிக்கும் அதே வானமும் சாலையும் நீள வேண்டும். 200 பக்க நூலில், சாதாரண மேப்லித்தோ தாளில், முதுகு ஏறக்குறைய 10 மி.மீ. வரும்; சரியான அளவை அச்சகம்தான் அந்தத் தாளை மடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

6. இருட்டை அச்சிடுவது

குற்றப் புனைவுக்கு இரவுதான் பிடித்த நேரம், அச்சகத்துக்கோ தலைவலி தருவதும் அதுதான். திரையில் தெரியும் ஆழ்ந்த கறுப்பைத் தாளில் கொண்டுவர, கறுப்பு மையோடு மற்ற மூன்று மைகளையும் கலந்து அச்சிடுவார்கள். அதன் நடுவே வெள்ளை எழுத்து என்றால், நான்கு பிளேட்டிலும் அதே இடம் காலியாக இருந்து நான்கும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருந்த வேண்டும். ரெஜிஸ்ட்ரேஷன் மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ கசியும்.

13 மி.மீ. தலைப்பு இதைத் தாங்கிக்கொள்ளும். பாதிக்கப்படுவது சிறிய வரிகள். முதலில் அடைபடுவது ண, ஞ ஆகியவற்றின் சுழிகளும் மெய்யெழுத்தின் புள்ளியும். ஆங்கிலத்தில் ஒரு புள்ளி அடைபட்டால் சொல் மாறாது. நமக்குப் புள்ளி போனால் ‘ட்’ ‘ட’ ஆகிவிடும். ஆகவே ஆசிரியர் பெயர் நிற்கும் சாலைப் பகுதியைக் கறுப்பு மையை மட்டும் முதன்மையாகக் கொண்டு அமைத்து, மற்ற மைகளை அங்கே குறைத்துக்கொள்வது நல்லது. மெல்லிய கோடுள்ள எழுத்துருவை அங்கே தவிர்க்க வேண்டும். ப்ரூஃபை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து லூப்பால் பார்க்கும்போது தலைப்பில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பெயரின் முதலெழுத்துக்குப் பின் உள்ள புள்ளியையும் முதுகில் உள்ள சின்ன எழுத்தையும் பார்த்தால் போதும். அவை தப்பினால் மற்றவை தப்பியிருக்கும். மேட் லேமினேஷன் பற்றி ஒரு வார்த்தை: இருண்ட அட்டைக்கு அது கண்ணியமாக இருக்கும், ஆனால் கைபட்ட தடமும் உரசலும் உடனே தெரியும். புத்தகக் காட்சியில் பத்து நாள் ஆயிரம் கை படும் நூலுக்கு நான் பளபளப்பான லேமினேஷனையே தேர்வேன்.

7. சதுரத்துக்கு மாற்றும்போது

இதே நாவல் ஒலித்தொடராக வெளியானால் அட்டை சதுரமாகிறது. பாட்காஸ்ட் செயலிகளில் பெரும்பாலும் கேட்கப்படும் அளவு 3000-க்கு 3000 பிக்சல். கேட்பவர் அதைப் பார்ப்பது கைப்பேசிப் பட்டியலில், ஒரு செ.மீ. சதுரத்துக்குள். மூலைகளை வளைத்து வெட்டிவிடுவார்கள் என்பதால் ஓரங்களில் எழுத்து கூடாது. 2600 பிக்சல் அகலத்தில் ‘பட்டரவாக்கம்’ ஒரே வரியில் நின்றால் எழுத்தின் உயரம் 290 பிக்சலுக்குக் கீழ். பட்டியலில் அது ஒரு மி.மீ. கூட வராது. வாசிக்க முடியாது.

வழி ஒன்றுதான்: சொல்லை முறிப்பது. எங்கே முறிப்பது என்பதை மென்பொருளிடம் விட முடியாது. ‘பட்’ என்று நிறுத்தினால் அடுத்த வரி ‘ட’வில் தொடங்கும், ‘பட்ட’ என்று நிறுத்தினால் ‘ர’வில் தொடங்கும். ட, ர இரண்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள் என்பதால் அந்த வரிகள் வாசகர் கண்ணுக்கு உடைந்த துண்டாகத் தெரியும். ‘பட்டர’ மேலே, ‘வாக்கம்’ கீழே என்று பிரித்தால் சிக்கல் இல்லை. வில்லிவாக்கம் தெரிந்த எந்தச் சென்னைவாசியும் ‘வாக்கம்’ என்பதை ஊர்ப்பெயரின் வாலாக உடனே எடுத்துக்கொள்வார். இடையில் சிறுகோடும் தேவையில்லை. மேல்வரியில் நான்கு உருவம், கீழ்வரியில் ஐந்து. எழுத்து 520 பிக்சலுக்கு உயர்கிறது, அதாவது கிட்டத்தட்ட இரட்டிப்பு. ‘கடைசி வண்டி’ என்ற பகுதியை இந்த அட்டையில் விட்டுவிடலாம். தொடரின் பெயர் பட்டியலில் படத்துக்குப் பக்கத்தில் முழுதாக எழுத்தில் வரத்தானே போகிறது. அதே காரணத்தால் ஆசிரியர் பெயரைச் சிறிதாக வைத்து ஒப்புக்கு இடம் அடைப்பதற்குப் பதில், அவர் பெயர்பெற்றவரா என்று பார்த்துப் பெரிதாக வைப்பது, இல்லையென்றால் நீக்குவது என்று முடிவெடுப்பது நேர்மையானது.

இரண்டு வரியும் சேர்ந்து சதுரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது அடியில் ஒரு கிடைப்பட்டை. அச்சு அட்டையில் 140-க்கு 123 என்று கிடைத்த காட்சிப் பகுதியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது; சுவரும் தூரத்துத் தெருவும் போக, விழுந்து கிடக்கும் சைக்கிளின் சக்கரமும் உருண்ட தட்டும் மட்டும் நெருக்கமாக வெட்டி வைக்கப்படும். ஒரு செ.மீ. சதுரத்தில் அடையாளம் தெரியக்கூடியது அந்தச் சக்கரத்தின் வட்டம் ஒன்றுதான். அதனால் ஓவியரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும்: சைக்கிளைத் தனி அடுக்கில், இருமடங்கு பெரிதாக்கினாலும் தாங்கும் நுணுக்கத்தோடு வரைய வேண்டும், அதற்கான கூலியையும் சேர்த்தே பேச வேண்டும். அச்சு அட்டை முடிந்து மூன்று மாதம் கழித்து, “சார், சைக்கிள் மட்டும் பெருசா வேணும்” என்று கேட்டால் கிடைப்பது மங்கலான படம், அல்லது இன்னொரு முழு ஓவியத்துக்கான செலவு.